வேளச்சேரி ஆபீஸின் பாலிசியைப் பிரித்துப் படித்தால்

2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயலின் மழை சென்னையைப் புரட்டிப் போட்டபோது வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெருங்குடி பக்கத்துத் தரைத்தளங்களில் தண்ணீர் புகுந்தது. எட்டு ஆண்டுகளுக்கு முன்பு, 2015 டிசம்பரிலும் இதே பகுதிகள் மூழ்கின. மேசைக்கடியில் வைத்த கம்ப்யூட்டர், சுவரோரம் நிற்கும் யூபிஎஸ் பேட்டரி, கீழ்த்தட்டில் அடுக்கிய ஃபைல் என்று தரையோடு ஒட்டிய எல்லாமே நனையும். தண்ணீர் வடிந்த பிறகு ஆபீஸ் மேனேஜரின் கை தேடும் காகிதம் ஒன்று உண்டு. அதுதான் இன்சூரன்ஸ் பாலிசி. அதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் படிக்கிறோம் என்றால் பிழை எதையும் திருத்த நேரம் கடந்துவிட்டது.

பாலிசி என்று கையில் வருவது இரண்டு ஆவணங்கள். ஒன்று ஷெட்யூல்: நான்கைந்து பக்கம், பெயர், முகவரி, தொகை, பிரீமியம் எல்லாம் கட்டம் கட்டமாக இருக்கும். இன்னொன்று வேர்டிங் எனப்படும் நிபந்தனைப் புத்தகம்: முப்பது நாற்பது பக்கம், பொடி எழுத்து. ஷெட்யூல் இந்த அலுவலகத்துக்கென்று அச்சிட்டது. வேர்டிங் அந்தப் பாலிசியை வாங்கிய எல்லோருக்கும் பொது. எந்தப் பொருளுக்குக் காப்பு, எவ்வளவு, அதில் எவ்வளவு கழிப்பார்கள், எப்போது தரமாட்டார்கள் என்ற நான்கு கேள்விக்கும் விடை இரண்டிலும் சிதறிக் கிடக்கிறது. அதைத் திரட்டி ஒரே தாளில் கொண்டுவருவதுதான் மேனேஜரின் வேலை.

ஓர் ஆபீஸை எடுத்துக்கொள்வோம். அலுவலகமும் எண்களும் கணக்கு விளங்குவதற்காக நாம் வைத்துக்கொண்டவை; வாசகங்கள் இந்தியப் பாலிசிகளில் வழக்கமாக வருபவை. வேளச்சேரியில் வாடகைக் கட்டடம், இருபத்தைந்து பேர் வேலை செய்யும் நிறுவனம். முன்பு இரண்டாம் தளத்தில் இருந்தார்கள். செலவைக் குறைக்க, அதே கட்டடத்தின் தரைத்தளத்தில் சிறிய இடத்துக்கு மாறினார்கள். புதிதாகச் சேர்ந்த மேனேஜர், பாலிசியைப் புதுப்பிக்க இன்னும் நான்கு மாதம் இருக்கும்போதே ஷெட்யூலை எடுத்து மேசையில் விரிக்கிறார். ஏஜென்ட்டுக்குப் போன் போட்டால், “ஃபுல் கவர்தான் மேடம், ஒண்ணும் கவலைப்படாதீங்க” என்கிறார். ‘ஃபுல் கவர்’ என்ற சொல் ஷெட்யூலின் எந்தக் கட்டத்திலும் இல்லை.

அவர் ஒரு தாளில் கோடு போட்டு ஆறு பத்தி பிரிக்கிறார்: பொருள், இடம், காப்பீட்டுத் தொகை, கழிவு, விலக்கு, பக்க எண். பக்க எண்ணுக்கும் ஒரு பத்தியா என்று கேட்கலாம். இழப்பு நேர்ந்து சர்வேயர் வந்து நிற்கும்போது “எங்கோ படித்தேன்” என்பது செல்லாது. ஒவ்வொரு விடைக்கும் அது எந்தப் பக்கத்தில், எந்த வரியில் இருந்து வந்தது என்பது இருந்தால்தான் மறுபடி சரிபார்க்க முடியும். அவர் வைத்துக்கொண்ட இன்னொரு விதி: வாசகத்தைச் சுருக்காமல் அப்படியே எழுதுவது. ஏன் என்பது சற்று நேரத்தில் தெரியும்.

முதல் பக்கத்திலேயே இடறுகிறது. ‘ரிஸ்க் லொகேஷன்’ என்ற கட்டத்தில் இரண்டாம் தளம் என்றே இருக்கிறது. தீக்காப்பீடு பொருளை மட்டும் பார்ப்பதில்லை, அது இருக்கும் இடத்தையும் சேர்த்துத்தான் பார்க்கிறது. பொருள் ஷெட்யூலில் சொன்ன இடத்தில் இருந்தால்தான் காப்பு. இரண்டாம் தளத்துக்கும் தரைத்தளத்துக்கும் படிக்கட்டு தூரம்தான் என்றாலும், வெள்ளத்தைப் பொறுத்தவரை இரண்டும் வேறு வேறு இடர்கள். வேளச்சேரியில் அதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. இதே கட்டம் இன்னொன்றையும் சொல்கிறது: வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள் எடுத்துப்போன ஆறு லேப்டாப்கள் இந்த முகவரியில் இல்லை. அவற்றுக்குத் தனியாகக் காப்பு எடுத்திருந்தாலொழிய அவை தீக்காப்பீட்டுக்குள் வராது.

அடுத்து பொருள்கள். தீ செக்ஷனில் மூன்று வரி. கட்டடம் என்ற வரியில் தொகைக்குப் பதிலாக ‘நில்’ என்று இருக்கிறது. வாடகைக் கட்டடம், கட்டடத்துக்கு உரிமையாளர் காப்பு எடுக்கலாம் என்பதால் அது சரிதான். ஆனால் ஃபால்ஸ் சீலிங், கண்ணாடித் தடுப்பு, தரைக்கு ஒட்டிய டைல் எல்லாம் இந்த நிறுவனம் தன் காசில் போட்டது. அவை கட்டடக் கணக்கா, ஃபர்னிச்சர் கணக்கா? ஷெட்யூலில் ‘ஃபர்னிச்சர், ஃபிக்ஸ்சர், ஃபிட்டிங்’ என்று 20 லட்சம் இருக்கிறது. உள்ளலங்காரம் அதில் அடங்கும் என்று எங்கும் சொல்லவில்லை. மேனேஜர் தானாக ஒரு விடையை நிரப்பவில்லை. அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, கேட்க வேண்டியது என்று எழுதிவைக்கிறார். மூன்றாவது வரி, ‘கம்ப்யூட்டர் மற்றும் அலுவலகக் கருவிகள்’, 18 லட்சம். அடியில் மொத்தம் 38 லட்சம்.

மொத்தத்தைக் கூட்டிப் பார்ப்பது சின்ன வேலைதான், ஆனால் பலன் பெரிது. வரிகளைக் கூட்டினால் அச்சிட்ட மொத்தம் வரவில்லை என்றால், ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது அல்லது உள்வரம்பு ஒன்றைத் தனித் தொகையாக எண்ணிவிட்டோம். ‘இதில் ஆவணங்களுக்கு இவ்வளவு வரை’ என்று வருவது உள்வரம்பு. அது மேலே உள்ள தொகைக்குள் அடங்கியது, கூட்டக்கூடாது. அதே போல ‘நில்’ என்ற சொல்லும் இடத்துக்கு இடம் பொருள் மாறும். தொகைப் பத்தியில் வந்தால் காப்பே இல்லை. கழிவுப் பத்தியில் வந்தால் ஒரு பைசாவும் கழிக்கமாட்டார்கள். ஒன்று கெட்ட செய்தி, மற்றது நல்ல செய்தி. பார்த்தபடி பத்தியை மாற்றி எழுதிவிட்டால் தலைகீழாகிவிடும்.

இப்போது அந்த 18 லட்சம். அது எங்கிருந்து வந்தது என்று விசாரித்தால், கணக்கர் ஆடிட்டருக்கு அனுப்பிய சொத்துப் பட்டியலிலிருந்து எடுத்துக் கொடுத்தாராம். பிரச்சினை அங்கேதான். வருமான வரிக் கணக்கில் கம்ப்யூட்டருக்கு ஆண்டுக்கு 40 சதவீதம் தேய்மானம். 30 லட்சத்துக்கு வாங்கியது ஒரே ஆண்டில் ஏட்டில் 18 லட்சம் ஆகிவிடும், அடுத்த ஆண்டு 10 லட்சத்து 80 ஆயிரம். ஆனால் கம்ப்யூட்டர் அதே வேகத்தில் மலிவாகிவிடவில்லை. இன்றைக்கு இவை எல்லாம் போய், இதே தரத்தில் புதிதாக வாங்கினால் ஏறக்குறைய 30 லட்சம்தான் ஆகும். இந்த ஷெட்யூலில் மதிப்பிடும் அடிப்படை ‘ரீஇன்ஸ்டேட்மென்ட் வேல்யூ’ என்று இருக்கிறது, அதாவது புதிதாக வாங்கி வைக்க ஆகும் செலவு. ஆக, ஒப்பிட வேண்டிய எண் 30 லட்சம். காப்பு எடுத்திருப்பது 18 லட்சத்துக்கு. அந்தக் கட்டத்தில் ‘மார்க்கெட் வேல்யூ’ என்று இருந்திருந்தால் பழைய பொருளுக்கான விலையே கணக்காகும். இழப்பீடும் அதற்குத் தக்கபடி குறையும். அடிப்படை எது என்று குறித்துக்கொள்ளாமல் தொகையை மட்டும் எடுத்தெழுதினால் அந்த எண்ணுக்குப் பொருளே கிடையாது.

குறைவாகக் காப்பு எடுத்தால் என்ன, இழப்பு 4 லட்சம்தானே, 18 லட்சத்துக்குள் தானே வருகிறது என்று தோன்றும். இங்குதான் வேர்டிங்கில் இருக்கும் ‘ஆவரேஜ்’ நிபந்தனை குறுக்கே வருகிறது. இருக்க வேண்டிய மதிப்பில் எத்தனை பங்குக்குக் காப்பு எடுத்தோமோ, இழப்பிலும் அத்தனை பங்குதான் தருவார்கள். மீதிப் பங்குக்கு நாமே காப்பாளர் என்று கருதப்படும். 30 லட்சத்தில் 18 லட்சம் என்றால் 60 சதவீதம். சிறு தொழில்களுக்காக 2021 ஏப்ரல் 1 முதல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் கொண்டுவந்த ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ பாலிசியில், அதாவது ஓர் இடத்தில் சொத்து மதிப்பு 5 கோடி வரை உள்ளவர்களுக்கானதில், குறைவு 15 சதவீதத்துக்குள் இருந்தால் இந்த வெட்டு கிடையாது. நம் ஆபீஸின் பாலிசியிலும் அந்தச் சலுகை உண்டு. ஆனால் இங்கே குறைவு 40 சதவீதம். சலுகை எட்டாது.

வெள்ளம் வந்து கம்ப்யூட்டர் வரியில் 4 லட்சம் இழப்பு என்று வைத்துக்கொள்வோம். 60 சதவீதம் என்றால் 2 லட்சத்து 40 ஆயிரம். இனிமேல்தான் கழிவு. ஆபீஸ்களில் இதை ‘எக்ஸஸ்’ என்பார்கள், ‘டிடக்டிபிள்’ என்றும் எழுதுவார்கள். இரண்டும் ஒன்றுதான்: ஒவ்வொரு இழப்பிலும் முதலில் நம் பையிலிருந்து போகும் பங்கு. ஷெட்யூலில் இப்படி இருக்கிறது: இயற்கைச் சீற்றத்தால் வரும் ஒவ்வொரு இழப்புக்கும் ‘கிளெய்ம் தொகையில் 5 சதவீதம், குறைந்தது 10,000 ரூபாய்’. மற்ற இழப்புகளுக்கு ‘முதல் 10,000 ரூபாய்’. ஆவரேஜ் வெட்டு போக மிஞ்சுவதில்தான் கழிவு பிடிப்பார்கள் என்று நிபந்தனையில் சொல்லியிருப்பதால் 2 லட்சத்து 40 ஆயிரத்தில் 5 சதவீதம், 12,000. அது 10,000-ஐ விடக் கூடுதல், ஆகவே அதையே எடுத்துக்கொள்வார்கள். கைக்கு வருவது 2 லட்சத்து 28 ஆயிரம்.

இப்போது அந்த வரியில் ஒரே ஒரு சொல்லை மாற்றிப் பார்க்கலாம். ‘கிளெய்ம் தொகையில் 5 சதவீதம்’ என்பதற்குப் பதில் ‘காப்பீட்டுத் தொகையில் 5 சதவீதம்’ என்று இருந்தால்? 18 லட்சத்தில் 5 சதவீதம் 90,000. கைக்கு வருவது 1 லட்சத்து 50 ஆயிரம். தாளில் ‘5%’ என்று மட்டும் எழுதிவைத்தவருக்கு இந்த 78,000 ரூபாய் வித்தியாசம் தெரியவே தெரியாது. கழிவை எடுத்தெழுதும்போது எத்தனை சதவீதம், எதில், குறைந்தது எவ்வளவு, எந்த இழப்புக்கு என்ற நான்கையும் சேர்த்தே எழுத வேண்டும் என்பது இதனால்தான். வாசகத்தை அப்படியே எழுதும் விதி இங்கே கைகொடுக்கிறது.

இன்னும் ஆழமாக ஒன்று உண்டு. மேனேஜருக்கு அது கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் உறைத்தது. ஃபர்னிச்சர் வரியில் 20 லட்சம் இருக்கிறது. இரண்டாம் தளத்தில் இருந்தபோது போட்ட தொகை அது. தரைத்தளத்துக்கு வந்தபோது பாதி மேசை நாற்காலியை விற்றுவிட்டார்கள். இன்று புதிதாக வாங்கினாலும் 13 லட்சம்தான் ஆகும். அப்படியானால் அங்கே 7 லட்சம் மிச்சமாகக் கிடக்கிறது, இங்கே 12 லட்சம் பற்றாக்குறை. அங்கிருப்பதை இங்கே ஈடுகட்ட முடியாதா? முடியாது. ஆவரேஜ் நிபந்தனை ‘ஒவ்வொரு உருப்படிக்கும் தனித்தனியாக’ என்று சொல்கிறது. ஷெட்யூலில் ஒரு வரி ஓர் உருப்படி. மிச்சமாகக் கிடக்கும் 7 லட்சத்துக்குப் பிரீமியம் கட்டிக்கொண்டே இருக்கிறோம். அதனால் ஒரு பயனும் இல்லை.

அதே 38 லட்சத்தை ‘அலுவலகப் பொருள்கள் அனைத்தும்’ என்று ஒரே வரியாக எழுதியிருந்தால் கணக்கு வேறு. இருக்க வேண்டியது 30-ம் 13-ம் சேர்ந்து 43 லட்சம். குறைவு 12 சதவீதத்துக்கும் கீழே, ஆக 15 சதவீதச் சலுகைக்குள் அடங்கிவிடும். 4 லட்சம் முழுதாகக் கணக்கில் வந்து, 5 சதவீதமான 20,000 மட்டும் கழிந்து 3 லட்சத்து 80 ஆயிரம் கிடைத்திருக்கும். மொத்தத் தொகையும் வெள்ளமும் மாறவில்லை, வரி பிரித்த விதம் மட்டுமே மாறியது. அதனால் ஒன்றரை லட்சம் கூடுதல். ஷெட்யூலிலிருந்து விவரம் எடுக்கும்போது வரிகளை நாமாகச் சேர்ப்பதும் பிரிப்பதும் ஏன் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. ‘மொத்தம் 38 லட்சம்’ என்ற ஒற்றை எண்ணை மேலாளருக்கு அனுப்புவது தகவல் தருவதாகத் தோன்றினாலும், கணக்கைத் தீர்மானிக்கும் பிரிவுகள் அதில் அழிந்துபோகின்றன.

விலக்குகளுக்கு வருவோம். இவை ஷெட்யூலில் நேரடியாக இருப்பது குறைவு. கடைசிப் பக்கத்தில் பொருந்தும் ஷரத்துகள் என்ற தலைப்பின் கீழ் சில பெயர்கள் மட்டும் வரிசையாக இருக்கும். அந்தப் பெயர்களுக்குப் பொருள் வேர்டிங்கில் இருக்கும். சில ஷெட்யூல்கள் கட்டத்தில் ‘பாலிசிப்படி’ என்று மட்டும் எழுதி நிறுத்திவிடும். அது விடையில்லை, இன்னொரு பக்கத்துக்கு அனுப்பும் கைகாட்டி. அந்தப் பக்கத்தைத் தேடிப் போகாமல் தாளில் ‘பாலிசிப்படி’ என்றே எழுதி முடித்தால் வேலை பாதியில் நிற்கிறது.

சென்னைக்காரர்கள் முதலில் தேட வேண்டிய விலக்கு வெள்ளம்தான். நிலையான தீ பாலிசியில் புயல், சூறாவளி, வெள்ளம், நீர் சூழ்தல் எல்லாம் ஒரு தொகுப்பாக எஸ்.டி.எஃப்.ஐ என்ற சுருக்கப் பெயரில் வரும். பிரீமியம் குறையும் என்பதால் பாலிசி எடுக்கும்போதே இந்தத் தொகுப்பை நீக்கிவிட முடியும். நீக்கியிருந்தால் அது ஷெட்யூலில் ஒரே வரியாக, ‘எஸ்.டி.எஃப்.ஐ நீக்கம்’ என்று இருக்கும். வேளச்சேரித் தரைத்தளத்தில் இருக்கும் ஆபீஸுக்கு அந்த ஒரு வரி மிச்சப் பக்கங்களையெல்லாம் பொருளற்றதாக்கிவிடும். நல்லவேளை, இந்த மேனேஜரின் ஷெட்யூலில் அது இல்லை.

இரண்டாவது, மின்சார விலக்கு. ஷார்ட் சர்க்யூட்டிலோ மின்னழுத்தம் ஏறியோ ஒரு கருவி தானாகக் கெட்டால், அந்தக் கருவிக்குத் தீக்காப்பீடு தராது. ஆனால் அதிலிருந்து தீ பிடித்துப் பக்கத்துக் கருவிகள் எரிந்தால் அவற்றுக்குத் தரும். சர்வர் புகைந்து செத்துப்போனால் சர்வருக்கு இல்லை, பக்கத்தில் எரிந்த பிரின்டருக்கு உண்டு. கேட்க விசித்திரமாக இருந்தாலும் இதற்குக் காரணம் இருக்கிறது: கருவி தன் உள்குறையால் கெடுவது பராமரிப்பு சார்ந்த விஷயம் என்று தீக்காப்பீடு கருதுகிறது. அதற்கென்றே எலக்ட்ரானிக் எக்விப்மென்ட் என்ற தனி செக்ஷன் உண்டு. அதற்குத் தொகை தனி, கழிவு தனி. கருவிகளுக்குப் பராமரிப்பு ஒப்பந்தம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் பெரும்பாலும் சேர்ந்து வரும். மேனேஜரின் ஷெட்யூலில் இந்த செக்ஷனுக்கு எதிரே ‘நாட் ஆப்டட்’ என்று இருக்கிறது. ‘ஃபுல் கவர்’ என்று ஏஜென்ட் சொன்னதற்கு இங்கே விடை கிடைத்துவிட்டது.

மூன்றாவது, ஆவணங்களும் தரவும். நிலையான தீ பாலிசியில், தனியாகக் குறிப்பிட்டுச் சேர்த்தாலொழிய, கையெழுத்துப் படிகள், வரைபடங்கள், பத்திரங்கள், கணக்குப் புத்தகங்கள், பணம், காசோலை, கம்ப்யூட்டர் பதிவுகள் ஆகியவற்றுக்குக் காப்பு கிடையாது. ஹார்ட் டிஸ்க் என்ற பொருளுக்கு விலை தருவார்கள். அதற்குள் இருந்த பத்தாண்டுக் கணக்குக்குத் தரமாட்டார்கள். சூக்ஷ்ம பாலிசியில் இவற்றில் சிலவற்றுக்கு ஒரு வரம்புக்குள் காப்பு உள்ளடங்கியே வருகிறது. ஆகவே இந்த விலக்கை எடுத்தெழுதும்போது எந்தப் பாலிசி என்ற பெயரைப் பார்க்காமல், பழைய பாலிசியைப் பற்றிக் கேள்விப்பட்டதை வைத்து நிரப்பக்கூடாது.

கொள்ளைக் காப்பு செக்ஷனில் ஒரு வரிதான் அவர் அடிக்கோடிட்டார்: பலவந்தமாக உடைத்து நுழைந்ததற்கான தடயம் இருக்க வேண்டும். பகல் வேளையில் திறந்த கதவு வழியே வந்து மேசை மேலிருந்த லேப்டாப்பை எடுத்துப்போனால் அது இந்தக் காப்புக்குள் வராது, திருட்டையும் தனியாகச் சேர்த்திருந்தாலொழிய.

கடைசியாக எண்டார்ஸ்மென்ட்கள். ஆண்டு நடுவில் செய்யும் திருத்தம் தனித்தாளாக வரும். அது ஷெட்யூலில் இருப்பதை மாற்றிவிடும். மேனேஜர் தன் மின்னஞ்சலில் தேடியபோது அப்படி ஒன்று கிடைத்தது. ஏழு மாதம் முன்பு பதினைந்து புது கம்ப்யூட்டர் வாங்கியபோது அவற்றைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். ஆனால் அந்தத் தாளில் மாறியிருப்பது வங்கியின் பெயர் மட்டும். கடன் தந்த வங்கிக்கு முதலில் பணம் போக வேண்டும் என்ற ஷரத்து. தொகை 18 லட்சமாகவே நிற்கிறது. கேட்டதும் கிடைத்ததும் ஒன்றல்ல. எண்டார்ஸ்மென்ட் வந்தது என்று ஃபைலில் குத்தி வைத்தவர் உள்ளே படிக்கவில்லை.

அன்று மாலையே காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் போகிறது. முகவரியைத் தரைத்தளம் என்று மாற்ற வேண்டும். கம்ப்யூட்டர் வரியை 30 லட்சமாக்கி, ஃபர்னிச்சர் வரியை 13 லட்சமாகக் குறைக்க வேண்டும்; மொத்தம் 38 லட்சத்திலிருந்து 43 லட்சமாகத்தான் ஏறுகிறது. உள்ளலங்காரம் எந்த வரியில் அடங்கும் என்று எழுத்தில் சொல்ல வேண்டும். வீட்டில் இருக்கும் லேப்டாப்களுக்கும் எலக்ட்ரானிக் எக்விப்மென்ட் செக்ஷனுக்கும் எவ்வளவு பிரீமியம் என்று தெரிய வேண்டும். திருத்தம் எந்தத் தேதியிலிருந்து அமலாகும் என்பதைத் தனியாகக் கேட்டிருக்கிறார், ஏனென்றால் எண்டார்ஸ்மென்ட் அதில் போட்ட தேதியிலிருந்துதான் செல்லும், அதற்கு முந்தைய இழப்புக்குப் பின்னோக்கிப் போகாது. ஐப்பசி மழைக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது. தாளில் உள்ளலங்கார வரிக்கு எதிரே கேள்விக்குறி அப்படியே நிற்கிறது. பக்க எண் பத்தியில் மின்னஞ்சல் அனுப்பிய தேதியைக் குறித்து வைத்திருக்கிறார்.